கேள்வித்தாள் எந்த மொழியில், விடை எந்த மொழியில்? எல்லைப்பகுதித் தமிழ் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, தேவிகுளம் பக்கத்துப் பிள்ளைகளும் ஆந்திரத்தில் குப்பம், நகரி பக்கத்துப் பிள்ளைகளும் தேர்வு விண்ணப்பம் நிரப்பும்போது தடுமாறுகிற இடம் மொழிக் கட்டம். அதிகம் பேர் கேட்பது யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வைப் பற்றி. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம். மற்றத் தேர்வுகளுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் எழுதலாம்னு சொல்றாங்க. அப்போ கேள்வித்தாளும் தமிழில் வருமா?

தேர்வுக்குத் தேர்வு மாறும். நீட் மாதிரியான தேர்வில் நீங்கள் எதையும் எழுதுவதில்லை, வட்டத்தைக் கறுப்பாக்குகிறீர்கள். அங்கே மொழியைத் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வித்தாளுக்கு மட்டும். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வு இதற்கு நேர்மாறு. கேள்வித்தாள் எல்லோருக்கும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகும், அதை மாற்றிக் கேட்க வழியில்லை. ஆனால் விடையைத் தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. எனவே எந்த விண்ணப்பத்தில் 'மொழி' என்ற கட்டம் வந்தாலும், அது கேள்வித்தாளைக் கேட்கிறதா, விடையைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

மூணாறில் இருக்கேன். நீட் தமிழில் எழுதணும். சென்டர் கேரளாவிலேயே கிடைக்குமா?

தமிழ் கேள்வித்தாள் கேரள மையங்களுக்கு வருவதில்லை. நீட் 13 மொழிகளில் நடக்கிறது. ஆங்கிலமும் இந்தியும் நாடு முழுவதும் கிடைக்கும். மாநில மொழிகள் அந்தந்த மாநிலத்து மையங்களில் மட்டும்தான். தமிழ் என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் தீவுகள். கேரளத்திலும் லட்சத்தீவிலும் மலையாளம், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தெலுங்கு. ஆகவே மூணாறு மாணவிக்குத் தமிழ்த் தாள் வேண்டுமானால் மதுரை, கோவை மாதிரி ஓர் ஊரில் மையம் வேண்டும். நகரி மாணவருக்குத் திருவள்ளூரோ வேலூரோ பக்கம். விண்ணப்பத்தில் முகவரியையும் மொழியையும் நிரப்பியபின் எந்த ஊர்கள் பட்டியலில் வருகின்றன என்று பார்த்து, இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தேர்வு மதியம் 2 மணிக்கு என்றாலும் நுழைவாயிலை 1.30-க்கு மூடிவிடுவார்கள். மலையிலிருந்து அன்று காலை இறங்குவது ஆபத்து, முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

தமிழைத் தேர்ந்தால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த தாள் தருவார்கள். இரண்டுக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கிலமே இறுதி என்று விதி இருக்கிறது. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு இருப்பதாக வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே தமிழ் வரி சந்தேகமாகத் தெரிந்தால் தயங்காமல் ஆங்கில வரியைப் பாருங்கள். ஜே.இ.இ. மெயின் தேர்விலும் தமிழ் உண்டு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலமும் இந்தியும் மட்டும்.

தமிழ்நாட்டில் நீட் எழுதினா கேரளா சீட் போயிடுமா?

போகாது. தேர்வு மையம் வேறு, மாநில ஒதுக்கீடு வேறு. கேரள ஒதுக்கீட்டுக்கு அம்மாநில நுழைவுத் தேர்வு ஆணையரிடம் கீம் வழியாகத் தனியே விண்ணப்பித்து, பூர்வீகச் சான்றுகளைக் கொடுத்திருக்க வேண்டும். பல குடும்பங்கள் நீட் விண்ணப்பத்தோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கேரள பி.எஸ்.சி., ஆந்திர ஏ.பி.பி.எஸ்.சி. இரண்டிலும் தமிழ் உண்டா?

கேரளத்தில் தமிழும் கன்னடமும் சிறுபான்மை மொழிகளாக ஏற்கப்பட்டவை. மலையாளத்தில் கேள்விகள் வரும் பல பி.எஸ்.சி. தேர்வுகளுக்குத் தமிழ்த் தாளும் உண்டு. தேர்வு எழுதுவதை உங்கள் புரொஃபைலில் உறுதிசெய்யும்போது அந்தத் தெரிவைப் பாருங்கள். உறுதிசெய்யத் தவறினால் விண்ணப்பமே தள்ளுபடியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆந்திரத்தில் குரூப் 1 முதன்மைத் தேர்வின் விடைகளை ஆங்கிலத்திலோ தெலுங்கிலோதான் எழுத வேண்டும். தமிழுக்கு அங்கே இடமில்லை. சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் பட்டப்படிப்பு முடிந்தபின் அல்ல, தொடங்கும்போதே தெரிந்திருப்பது நல்லது.

கேரளாக்காரன் நான். சிவில் சர்வீஸ் மெயினைத் தமிழில் எழுத விடுவாங்களா?

விடுவார்கள். அது உங்கள் மாநிலத்தைப் பொறுத்தது அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும், அல்லது ஆங்கிலத்திலும் எழுதலாம் என்பது விதி. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் இந்த வழி திறந்திருக்கிறது. மையமும் இதைக் கட்டுப்படுத்தாது. முதன்மைத் தேர்வைத் திருவனந்தபுரத்தில் எழுதினாலும், விஜயவாடாவிலோ சென்னையிலோ எழுதினாலும் எல்லோருக்கும் ஒரே வினா-விடைப் புத்தகம்தான். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், கீழே வெற்றுக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளில் நீங்கள் அனுமதி வாங்கிய மொழியில் எழுதுகிறீர்கள். நீட்டைப் போலத் தமிழுக்காக எல்லை தாண்ட வேண்டியதில்லை.

டிகிரி இங்கிலீஷ் மீடியம். தமிழில் எழுத அது தடையா? 25 பேர் சேரணும்னும் சொல்றாங்களே?

இரண்டும் இன்று தடையில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2013 மார்ச்சில் வந்த அறிவிப்பில், ஒரு வட்டார மொழியில் எழுதக் குறைந்தது 25 தேர்வர்கள் வேண்டும், பட்டப்படிப்பையும் அந்த மொழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது, அதே மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் பகுதியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறுகிறவர்கள் மிகுதி. அவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பழைய செய்தியாலேயே தமிழைக் கைவிட்டிருக்கக்கூடும் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் எந்தெந்த இடத்தில் மொழி கேட்பாங்க? ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண். பத்து வரை தமிழ் மீடியம், பி.எஸ்சி. புவியியல் ஆங்கிலத்தில். பள்ளியில் மலையாளமும் படித்திருக்கிறார்.

அவர் நான்கு முடிவுகளை எடுக்க வேண்டும். முதலாவது, தாள் ஏ. இது இந்திய மொழித் தாள், 300 மதிப்பெண். தகுதி பெற்றால் போதும், தரவரிசையில் சேராது. எட்டாவது அட்டவணை மொழிகளில் எதையும் எடுக்கலாம். இவர் தமிழை எடுக்கிறார். கேரளம் என்பதால் மலையாளம் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, கட்டுரையும் நான்கு பொது அறிவுத் தாள்களும். ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். இந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரே மொழிதான். கட்டுரையைத் தமிழிலும் பொருளாதாரத் தாளை ஆங்கிலத்திலும் எழுதுகிறேன் என்று பிரிக்க முடியாது. இவர் தமிழ் என்று குறிக்கிறார்.

மூன்றாவது, விருப்பப் பாடம். இரண்டு தாள், தலா 250. பலருக்குத் தெரியாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. முந்தைய ஐந்து தாள்களைத் தமிழில் எழுதுகிறவர் விருப்பப் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம். புவியியலை ஆங்கிலப் புத்தகங்களில் மூன்று ஆண்டு படித்த இவருக்கு அதுவே சரி. ஆனால் இந்த வழி ஒரு பக்கமாகத்தான் திறக்கும். பொது அறிவை ஆங்கிலத்தில் எழுதுகிறேன், வரலாற்றை மட்டும் தமிழில் எழுதுகிறேன் என்றால் விதியில் இடமில்லை.

நான்காவது, நேர்முகத் தேர்வின் மொழி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆங்கிலத் தாளான தாள் பி-யில் தெரிவு ஏதும் இல்லை. அதுவும் 300 மதிப்பெண், எல்லோரும் எழுத வேண்டும்.

தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமா எடுத்தா?

அதை எடுத்தால் கேள்வியும் தமிழ், விடையும் தமிழிலேயே எழுத வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலம்-இந்தியில்தான் என்ற பொது விதிக்கு இலக்கியத் தாள்கள் விலக்கு. பொது அறிவுத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதுகிறவரும் தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம்.

தாள் ஏ, தாள் பி ரெண்டும் சும்மா தகுதித் தாள்தானே?

அப்படி நினைத்துத்தான் தோற்றுப்போகிறார்கள். இரண்டிலும் தலா 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற ஏழு தாள்களையும் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். 1,750 மதிப்பெண்ணுக்கு எழுதிய உழைப்பு வீணாகிவிடும்.

தமிழ்த் தாளில் கட்டுரைக்கு 100, பத்தி படித்து விடையளிக்க 60, சுருக்கி வரைய 60, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கத் தலா 20, இலக்கணம் சொல்வளத்துக்கு 40. நம் எல்லைப் பிள்ளைகள் இடறுவது எழுத்துத் தமிழில். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு பள்ளியில் மலையாளமோ தெலுங்கோ முதல் மொழியாகப் படித்தவருக்குப் பேச்சு சரளமாக வரும். ஆனால் ஒற்று மிகுதல், ர-ற, ந-ன-ண வேறுபாடுகள், நீண்ட கட்டுரையைப் பத்தி பிரித்து எழுதுவது இதெல்லாம் கை பழகியிருக்காது. அப்படிப்பட்டவர் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிப் பார்க்கட்டும். பக்கம் முழுதும் சிவப்பாக வந்தால், பள்ளியில் படித்த மலையாளத்தையோ தெலுங்கையோ தாள் ஏ-க்கு எடுப்பது பாதுகாப்பு. அதில் தமிழுக்குத் துரோகம் ஒன்றும் இல்லை.

விடைக்கு நடுவில் இங்கிலீஷ் வார்த்தை எழுதலாமா?

ஓர் எல்லைக்குள் எழுதலாம். தமிழில் எழுதுகிறவர் கலைச்சொற்களுக்கு மட்டும், தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் எழுத அனுமதி உண்டு. இதைத் தவறாகப் பயன்படுத்தினால் மொத்த மதிப்பெண்ணில் கழிப்பார்கள். மிகையாகப் போனால் அனுமதிக்கப்படாத மொழியில் எழுதியதாகக் கொண்டு அந்த விடைத்தாளைத் திருத்தாமலே விடலாம் என்றும் விதியில் இருக்கிறது.

எப்படி அளந்து எழுதுவது என்பதற்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலச்சரிவு பெருகுவதன் காரணங்களை ஆராய்க என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடையில் 'நிலச்சரிவு' என்று எழுதும்போது ஆங்கிலம் தேவையே இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்த சொல். காட்கில் குழு, கஸ்தூரிரங்கன் குழு என்ற பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். 'சூழலியல் நுண்ணுணர்வுப் பகுதி' என்று எழுதும் இடத்தில் மட்டும் முதல் தடவை ஆங்கிலத் தொடரை அடைப்புக்குள் கொடுங்கள். ஏனென்றால் இதற்கு ஆளுக்கொரு தமிழாக்கம் புழங்குகிறது, திருத்துகிறவருக்கு எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். அடுத்த முறை அதே தொடர் வரும்போது தமிழ் மட்டும் போதும். முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி அடைப்புக்குறி போடுவது, 'கிளைமேட் சேஞ்ச்', 'டெவலப்மென்ட்' மாதிரியான சாதாரணச் சொற்களை ஆங்கில எழுத்தில் அப்படியே விடுவது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

எண்களை 1, 2, 3 என்றே எழுத வேண்டும். க, உ, ங போன்ற தமிழ் எண்களுக்கு இடமில்லை.

தேர்வு ஹாலில் கேள்வியைப் பார்த்ததும் இங்கிலீஷில் எழுதினா சுலபம்னு தோணுச்சுன்னா மாத்திக்கலாமா?

கூடாது. அனுமதிச் சீட்டில் எந்த மொழி குறிக்கப்பட்டிருக்கிறதோ அதில்தான் எழுத வேண்டும். அந்த மொழியை வினா-விடைப் புத்தகத்தின் அட்டையில் அதற்குரிய இடத்தில் தெளிவாக எழுதவும் வேண்டும். வேறு மொழியில் எழுதிய விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று அதே அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

ஆகவே அனுமதிச் சீட்டை இறக்கிய அன்றே பெயர், மையம் இவற்றோடு மொழியையும் விருப்பப் பாடத்தின் மொழியையும் சரிபாருங்கள். மேலே சொன்ன மாணவி போல இரண்டு மொழியில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐந்து தாளின் அட்டையிலும் தமிழ் என்று எழுதிப் பழகிய கை, புவியியல் தாளிலும் அதையே எழுதிவிடும்.

கேள்வி இங்கிலீஷில், விடை தமிழில். நேரம் பத்துமா?

பொது அறிவுத் தாளில் பொதுவாக 20 கேள்வி, 3 மணி நேரம். பத்துக் கேள்விகளுக்குத் தலா 10 மதிப்பெண், 150 சொல். மற்றப் பத்துக்குத் தலா 15 மதிப்பெண், 250 சொல். சின்னக் கேள்விக்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம் என்று போட்டால் 180 நிமிடம் சரியாக முடிந்துவிடும். மிச்சம் ஒன்றும் இல்லை.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்குச் சாதகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிவது தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அதனால் 150 தமிழ்ச் சொற்களில் அதிகச் செய்தியைச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம், கை அதிக தூரம் ஓட வேண்டும். எனவே தமிழில் எழுதுகிறவர் 150 சொல்லை நிரப்பத் துடிக்கக் கூடாது. 110, 120 சொல்லிலேயே விடை முழுமையடைகிறதா என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் நேரம் போவதாகப் பலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, நேரம் போவது கேள்வியின் வினைச்சொல்லைத் தவறாகப் படித்துவிட்டுத் திரும்பி வருவதில். 'விவாதி' என்பதும் 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்பதும் 'கருத்துரை' என்பதும் வேறு வேறு விடையைக் கேட்கின்றன. ஆங்கிலக் கேள்வித்தாளில் வரும் இப்படிப்பட்ட ஏவல் சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பழைய தாள்களிலிருந்து அவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றும் என்ன வடிவ விடையைக் கேட்கிறது என்று தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடம் படிப்பது ஆங்கிலத்தில், குறிப்பெடுப்பது முதல் நாளிலிருந்தே தமிழில் என்று வைத்துக்கொண்டவர்களுக்கு ஹாலில் மொழிபெயர்க்கும் வேலையே இருப்பதில்லை.

முதல்நிலைத் தேர்வுக்கும் தமிழ் உதவுமா?

உதவாது. முதல்நிலையின் இரண்டு தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே, விடை வட்டம் கறுப்பாக்குவது. இரண்டாம் தாளான சிசாட்டில் 200-க்கு 66 மதிப்பெண் எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் வெளியே. அதில் நீண்ட ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடை தேட வேண்டும். தமிழில் முதன்மைத் தேர்வு எழுதப் போகிறவர் இந்த ஆங்கில வாசிப்பைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். எழுதும் ஆங்கிலம் அவ்வளவு தேவையில்லை, படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் கட்டாயம் தேவை.

நேர்முகத் தேர்வில் தமிழில் பேசலாமா? கேரளாவிலிருந்து போறவர் தமிழ் பேசினா வித்தியாசமா பார்ப்பாங்களா?

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் தமிழிலேயே பேசலாம், ஆங்கிலத்தையோ இந்தியையோ தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். ஆங்கிலத்தில் எழுதியவருக்கும், தாள் ஏ-க்கு எடுத்த இந்திய மொழியில் பேச வழி இருக்கிறது. தமிழைத் தேர்ந்தால் குழுவுக்கும் உங்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் மொழிபெயர்க்க வசதியாகச் சிறு வாக்கியங்களில் பேசி நிறுத்துங்கள். பாலக்காட்டுத் தமிழோ மூணாறுத் தமிழோ பேசினால் பரவாயில்லை, ஆனால் மலையாளச் சொல் கலந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி தடுமாறுவார், பொருளும் மாறிப்போகலாம். இரண்டு பேரை எதிரில் உட்காரவைத்து, ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் மொழிபெயர்க்கச் சொல்லி வீட்டிலேயே பழகலாம். கேரளத்திலிருந்து வந்து தமிழில் ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வே தமிழ் மீடியத்திலும் நடக்கிறது.